டி.சி.யில் பிறந்த தேதி, ஒழுக்கம், படித்த வகுப்பு: எதை எப்படிப் படிப்பது, எதைத் திருத்துவது

"சார், என் மகன் ஆறாவதிலிருந்து ஒரு மெட்ரிக் பள்ளியில் படித்தான். இப்போது பத்தாவது தொடங்கி ஒரு மாதத்தில் டி.சி. வாங்கி அரசுப் பள்ளியில் சேர்க்கப்போகிறோம். டி.சி.யில் பிறந்த தேதி 12.06.2011 என்று இருக்கிறது, பிறப்புச் சான்றிதழில் 21.06.2011. 'உயர்வு பெறத் தகுதியுடையவரா' என்ற இடத்தில் 'இல்லை, இடையில் நின்றார்' என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒன்பதாவது பாஸ் ஆனவன் அவன். ஒழுக்கம் 'திருப்திகரம்' என்று போட்டிருக்கிறார்கள். இதனால் பின்னால் பிரச்சினை வருமா? எதை மாற்றச் சொல்லிக் கேட்பது?"

வணக்கம்மா. மூன்றில் பிறந்த தேதியை மட்டும் இப்போதே திருத்தி வாங்குங்கள். அதைச் சரிசெய்யாமல் டி.சி.யைப் புதிய பள்ளியில் கொடுத்துவிடாதீர்கள். 'இல்லை' என்று எழுதியது தவறில்லை, ஃபெயில் என்று அதற்கு அர்த்தமும் இல்லை. 'திருப்திகரம்' என்பதால் சேர்க்கைக்குத் தடை வராது. பல வருடம் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து டி.சி. எழுதியவன் என்ற முறையில் ஒவ்வொன்றையும் சொல்கிறேன்.

முதலில் டி.சி. எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். அது தலைமையாசிரியர் அன்றைக்கு உட்கார்ந்து யோசித்து எழுதும் தாள் இல்லை. பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு என்று பெரிய பேரேடு ஒன்று இருக்கும். உங்கள் மகன் சேர்ந்த அன்று அவனுக்கென ஒரு சேர்க்கை எண் போட்டு, பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த வகுப்பு எல்லாவற்றையும் அதில் ஒரு வரியில் எழுதியிருப்பார்கள். டி.சி. அந்த வரியின் நகல். இப்போது பள்ளிக்கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் தளத்திலிருந்து கணினியில் எடுத்துத் தருகிறார்கள் என்றாலும், அந்தத் தளத்தில் ஏற்றியதும் இதே விவரம்தான். பிறந்த தேதிக் கட்டத்தின் தலைப்பைப் பாருங்கள், 'மாணவர் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளபடி' என்று அதிலேயே போட்டிருக்கும். அதனால் டி.சி.யில் தவறு இருந்தால், தாளை மட்டும் மாற்றி எழுதித் தரச் சொல்வதில் பயனில்லை. பதிவேட்டில் அந்த வரி திருந்த வேண்டும், எமிஸிலும் திருந்த வேண்டும்.

இன்னொன்று. படிவத்தின் அடியில் பெற்றோர் உறுதிமொழி ஒன்று இருக்கும். 2 முதல் 7 வரையுள்ள இனங்களில் எழுதியிருப்பவை சரி, எதிர்காலத்தில் அவற்றில் மாற்றம் எதுவும் கேட்க மாட்டேன் என்று நீங்கள் ஒப்புக்கொள்வதாக அதில் இருக்கும். மகன் பெயர், பெற்றோர் பெயர், சமயம், சாதி, பாலினம், பிறந்த தேதி எல்லாம் அந்த 2 முதல் 7-க்குள் அடங்கிவிடும். பெரும்பாலான பெற்றோர் அதைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கிளார்க்கும் "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று விரலை வைத்துக் காட்டிவிடுவார். நீங்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். எழுத்துப்பிழை என்று ஆவணத்தோடு காட்டினால் அந்த உறுதிமொழி குறுக்கே நிற்காது. ஆனால் நாள் ஆக ஆக, "நீங்களே சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்ற பேச்சு வரும்.

சரி, பிறந்த தேதிக்கு வருவோம். 12-க்கும் 21-க்கும் ஒன்பது நாள்தான் வித்தியாசம், வயதுக் கணக்கில் ஒன்றும் மாறாது என்று பள்ளியில் சொல்லக்கூடும். சிக்கல் வயதில் இல்லை. அவன் பத்தாவது எழுதப்போகிறான். பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியலை எமிஸ் விவரத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். அதில் 12.06.2011 என்று போனால் மதிப்பெண் சான்றிதழிலும் அதுவே அச்சாகும். அதற்கப்புறம் டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பமோ பாஸ்போர்ட்டோ கல்லூரிச் சேர்க்கையோ, எங்கே போனாலும் வயதுக்குச் சான்றாக முதலில் கேட்பது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைத்தான். அது ஒரு தேதியும் பிறப்புச் சான்றிதழ் இன்னொரு தேதியும் சொன்னால், ஒவ்வொரு கவுண்டரிலும் நின்று விளக்க வேண்டியிருக்கும். இன்றைக்குத் தலைமையாசிரியர் அளவில் முடியக்கூடிய வேலை, மதிப்பெண் சான்றிதழ் வந்த பிறகு அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போகும். அங்கேயும் முதலில் கேட்பது, "பள்ளிப் பதிவேட்டில் என்ன இருக்கிறது?" என்பதுதான்.

இப்போது நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது, தேதி எந்தப் பள்ளியில் மாறியது என்பதை. திருத்தம் எளிதா கடினமா என்பது அதில்தான் இருக்கிறது. ஆறாவதில்தான் மெட்ரிக் பள்ளிக்கு வந்தான் என்கிறீர்கள். அப்படியானால் ஐந்தாவது வரை படித்த பள்ளி ஒரு டி.சி. கொடுத்திருக்கும். ஆரம்பப் பள்ளிகளில் அதையே ரெக்கார்டு ஷீட் என்று கொடுக்கும் வழக்கமும் உண்டு. அதன் நகலை வீட்டில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த ஆரம்பப் பள்ளிக்கே போய், சேர்க்கைப் பதிவேட்டில் மகன் பெயர் உள்ள பக்கத்தைக் காட்டச் சொல்லி, பிறந்த தேதியைக் குறிப்பிட்டு ஒரு சான்று எழுதி வாங்குங்கள்.

அதில் 21.06.2011 என்று இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. மெட்ரிக் பள்ளியில் பதிவேட்டில் ஏற்றும்போது இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இது அந்த அலுவலகத்தின் எழுத்துப்பிழை. தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மகனின் சேர்க்கை எண், எமிஸ் எண், டி.சி. எண் மூன்றையும் குறிப்பிட்டு, முந்தைய பள்ளி ஆவணத்திலும் பிறப்புச் சான்றிதழிலும் 21.06.2011 என்று இருக்கிறது, சேர்க்கைப் பதிவேட்டில் 12.06.2011 என்று பதிவாகியிருக்கிறது, திருத்தித் தரவும் என்று நான்கு வரி போதும். இரண்டு ஆவணங்களின் நகலை இணைத்து, அசலைக் கையில் வைத்துக் காட்டுங்கள். அவர்கள் பதிவேட்டில் பழைய தேதியை ஒரு கோடால் அடித்து, சரியான தேதியை எழுதி, தலைமையாசிரியர் அதன் பக்கத்தில் தேதியோடு சுருக்கொப்பமிட வேண்டும். எமிஸில் மாற்ற வேண்டும். பிறகு கொடுத்த டி.சி.யைத் திரும்பப் பெற்று ரத்து செய்துவிட்டு, புதிதாக ஒன்று தர வேண்டும்.

டி.சி.யின் மேலேயே 12-ஐ 21 ஆக்கி ஒரு கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அழித்தல், திருத்தல் இருந்தால் சான்றிதழ் ரத்தாகும் என்று படிவத்தின் குறிப்பிலேயே அச்சடித்திருக்கிறார்கள். பள்ளியே நல்லெண்ணத்தோடு திருத்தியிருந்தாலும், ஐந்து வருடம் கழித்து அதைப் பார்ப்பவருக்கு யார் திருத்தியது என்று தெரியாது. பிறந்த தேதியை எண்ணிலும் எழுத்திலும் போடச் சொல்வதே இந்தச் சந்தேகம் வராமல் இருக்கத்தான். புதிய டி.சி. கைக்கு வந்ததும் எழுத்தால் எழுதிய வரியையும் படியுங்கள். எண்ணை மாற்றிவிட்டு எழுத்தில் 'பன்னிரண்டு' என்றே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும்.

ஆரம்பப் பள்ளிப் பதிவேட்டிலேயே 12.06.2011 என்று இருந்தால் கதை வேறு. அப்போது மெட்ரிக் பள்ளி தன்னிடம் வந்ததைச் சரியாக நகலெடுத்திருக்கிறது, அதன் மேல் பிழை சொல்ல முடியாது. முதலில் ஆரம்பப் பள்ளியில் திருத்தம் பெற்று, அதை வைத்து அடுத்த பள்ளிப் பதிவேட்டைத் திருத்த வேண்டும். பெற்றோர் தந்த தேதியையே மாற்றக் கேட்பதாக இது ஆகிவிடுவதால், தலைமையாசிரியர் தானாகச் செய்யத் தயங்குவார், கல்வி அலுவலருக்கு அனுப்பி அனுமதி வாங்கச் சொல்வார். தனியார் பள்ளிகளுக்கென்று தனியாக மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். உங்கள் கடிதம் தலைமையாசிரியர் பரிந்துரையோடு அவரிடம் போகும். பிறப்புச் சான்றிதழ் எப்போது பதிவானது என்பதையும் பார்ப்பார்கள். 2011-இலேயே பதிவான சான்றிதழுக்கு இருக்கும் பலம், போன மாதம் பதிவு செய்து வாங்கியதற்கு இருக்காது.

எது பெரியது, டி.சி.யா பிறப்புச் சான்றிதழா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பிறந்த தேதியைப் பொறுத்தவரை டி.சி. மூல ஆவணம் இல்லை. பெற்றோர் சொன்னதை அல்லது முந்தைய பள்ளி எழுதியதை அது திரும்பச் சொல்கிறது. 2023 ஜூலையில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்சோ வழக்கில், இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு கேட்கும் பிறந்த தேதிச் சான்றாகப் பள்ளி மாற்றுச் சான்றிதழை எடுத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023 அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் போன்றவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கான ஆவணம் என்று மத்தியச் சட்டமே திருத்தப்பட்டிருக்கிறது. உங்கள் மகன் அதற்கு முன்னால் பிறந்தவன், அவனுக்குப் பள்ளி ஆவணமும் செல்லும். ஆகவே அவனிடம் இரண்டு வகை ஆவணம் இருக்கப்போகிறது, இரண்டும் ஒரே தேதியைச் சொல்ல வேண்டும். முரண் வந்தால் பிறப்புச் சான்றிதழின் பக்கம் பள்ளி ஆவணத்தை இழுங்கள். பள்ளியில் சொல்கிறார்கள் என்று பிறப்புச் சான்றிதழை மாற்றப் போகாதீர்கள்.

அடுத்து 'இல்லை' என்ற பதிவு. இதைத் தனியாகப் படித்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். டி.சி.யில் வகுப்பைப் பற்றிய கட்டங்களை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் படிக்க வேண்டும். கட்டங்களின் எண் படிவத்துக்குப் படிவம் கொஞ்சம் மாறலாம், தலைப்புகள் ஒன்றுதான். உங்கள் மகன் டி.சி.யில் அவை இப்படி இருக்க வேண்டும்: சேர்க்கப்பட்ட தேதியும் வகுப்பும் 23.06.2021, ஆறாம் வகுப்பு. பள்ளியை விட்டு நீங்கும் காலத்தில் பயின்று வந்த வகுப்பு, பத்தாம் வகுப்பு. உயர்வு பெறத் தகுதி, இல்லை, இடையில் நின்றார். நீங்கிய நாள் 04.07.2025. விண்ணப்பித்த தேதி 07.07.2025. சான்றிதழின் தேதி 09.07.2025. நீங்கள் தேதிகளைச் சொல்லவில்லை, விளங்குவதற்காக நானே போட்டிருக்கிறேன்.

இதைப் படிக்கும் தலைமையாசிரியர் என்ன புரிந்துகொள்வார்? ஜூலையில் நீங்கியபோது பையன் பத்தாவதில் உட்கார்ந்திருந்தான். பத்தாவதிலிருந்து பதினொன்றாவதுக்கு உயர்வு பெறத் தகுதி உண்டா என்பதுதான் அந்தக் கேள்வி. ஆண்டு முடியவில்லை, தேர்வு எழுதவில்லை, அதனால் இல்லை. ஒன்பதாவதைப் பற்றி அந்தக் கட்டம் பேசவே இல்லை. ஒன்பதாவது தேறியதற்குச் சான்று, 'பயின்று வந்த வகுப்பு பத்தாம் வகுப்பு' என்ற பதிவுதான். ஒன்பதாவது தேறாதவனைப் பத்தாவதில் வைத்திருக்க முடியாதே. பின்பக்கம் அல்லது அடியில் 'படிப்புக் காலம்' என்று ஒரு அட்டவணை இருக்கும். அதில் 2024-25 ஒன்பது, 2025-26 பத்து என்று வரிசையாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புதிய பள்ளி அவனை நேரே பத்தாவதில் சேர்த்துக்கொள்ளும்.

கவலைப்பட வேண்டியது வேறு மாதிரி எழுதியிருந்தால்தான். நீங்கிய நாள் ஜூலை என்று போட்டுவிட்டு, பயின்று வந்த வகுப்பு 'ஒன்பதாம் வகுப்பு', உயர்வுக்கு 'ஆம்' என்று எழுதினால், பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளுக்குள் முரண்படுகிறது. ஒன்பதாவது ஏப்ரலோடு முடிந்துவிட்டதே, ஜூலை வரை எந்த வகுப்பில் இருந்தான்? ஜூனில் அவன் பள்ளிக்குப் போன நாட்கள் கணக்கில் வராமல் போகவும் இடமுண்டு. அதேபோல் பத்தாவது என்று எழுதி, நீங்கிய நாளை ஏப்ரல் என்று போட்டிருந்தாலும் கேள்வி வரும். இப்படி ஒன்றோடு ஒன்று ஒட்டாத பதிவுகளைத்தான் திருத்தச் சொல்ல வேண்டும். உங்களுடையதில் 'இல்லை' என்பதோடு 'இடையில் நின்றார்' என்ற காரணத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் வேலை தெரிந்தவர்.

இதே கட்டம் வேறு சிலருக்கு வேறு விதமாக முக்கியம். அரசில் அலுவலக உதவியாளர் போன்ற வேலைகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். பொதுத்தேர்வு மதிப்பெண் பட்டியல் இல்லாதவர்களுக்கு டி.சி.தான் சான்று. 'பயின்று வந்த வகுப்பு எட்டாம் வகுப்பு' என்று மட்டும் இருந்தால் எட்டாவது படித்தார் என்று அர்த்தம், தேறினார் என்று அர்த்தமில்லை. உயர்வு பெறத் தகுதி 'ஆம்' என்று இருந்தால்தான் தேர்ச்சி. ஒன்பதாவதில் நின்றவர் டி.சி.யில் உயர்வு 'இல்லை' என்று இருந்தாலும், எட்டாவது தேறியவர்தான். பன்னிரண்டாவது முடித்தவர்களுக்கு அந்த இடத்தில் 'மதிப்பெண் சான்றிதழைப் பார்க்கவும்' என்று எழுதுவது வழக்கம். எதையோ மறைக்கிறார்கள் என்று அதை நினைக்க வேண்டாம்.

கடைசியாக ஒழுக்கமும் பண்பும். இந்தக் கட்டத்தில் நன்று, மிக நன்று, திருப்திகரம் என்ற மூன்றில் ஒன்றைத்தான் பெரும்பாலும் எழுதுகிறோம். பல பள்ளிகளில் எல்லா மாணவருக்கும் ஒரே சொல்தான், சில பள்ளிகளில் எமிஸ் திரையில் வருவதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். 'திருப்திகரம்' என்றால் புகார் எதுவும் பதிவில் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அரசுப் பள்ளி அதை வைத்துச் சேர்க்கையை மறுக்காது. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், 'நன்று' என்பதற்கு ஒரு படி கீழே என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், குறிப்பாகத் தனியார் கல்லூரிகளில். பிறந்த தேதிக்காக எப்படியும் புது டி.சி. எழுதப்போகிறார்கள். அந்த நேரத்தில் தலைமையாசிரியரிடம் நேரில், "பையன் மேல் ஏதாவது குறை உண்டா சார்? இல்லையென்றால் 'நன்று' என்று போடுங்களேன்" என்று மரியாதையாகக் கேளுங்கள். குறை எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் மாற்றித் தந்துவிடுவார்கள். இதற்கென்று தனியாக மனு, மேல்முறையீடு என்று அலைய வேண்டாம். அப்படி அலையத் தகுந்தது, நடத்தை சரியில்லை என்று நேரடியாகவோ, ஒழுங்கீனத்தால் நீக்கப்பட்டார் என்றோ எழுதியிருந்தால்தான். அந்த மாதிரி எழுதினால் பையனையும் உங்களையும் அழைத்து விசாரித்த பதிவு பள்ளியில் இருந்தாக வேண்டும். அதைக் கேட்கலாம், கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். எட்டாவதுக்குள் இருக்கும் பிள்ளை என்றால் இன்னும் தெளிவு, 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கவே முடியாது.

கட்டணப் பாக்கி ஏதாவது இருந்து, அதைக் காட்டித் திருத்தத்தைத் தள்ளிப்போட்டால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கட்டணப் பாக்கியை டி.சி.யில் எழுதக் கூடாது, பாக்கி வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கியை வசூலிக்க அவர்களுக்கு வேறு சட்ட வழி உண்டு. இதைச் சண்டையாக ஆக்காமல், கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு, கடிதத்தின் இன்னொரு பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிய டி.சி. வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிடுமோ என்று அவசரப்பட்டுப் பழையதைக் கொடுத்தால், புதிய பள்ளியின் பதிவேட்டிலும் 12.06.2011 ஏறிவிடும், திருத்த வேண்டிய பதிவேடு இரண்டாகிவிடும். அரசுப் பள்ளித் தலைமையாசிரியரை முதலில் பார்த்து, டி.சி. திருத்தத்தில் இருக்கிறது என்று சொல்லிப் பழைய டி.சி.யின் நகலையும் பிறப்புச் சான்றிதழையும் காட்டுங்கள். இப்படி வருபவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார், பையனை வகுப்பில் உட்கார வைத்துக்கொண்டு அசலுக்குக் காத்திருப்பார். அசல் டி.சி. சேர்க்கையோடு அங்கேயே தங்கிவிடும், அதனால் கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் தெளிவாக நகலெடுத்து வையுங்கள். அப்புறம் பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியல் தயாராகும்போது, மாணவர் விவரத்தை அச்செடுத்துக் காட்டிப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்குவார்கள். அன்றைக்குப் பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்களே போய், தேதியையும் மகன் பெயரின் தமிழ், ஆங்கில எழுத்துகளையும் இனிஷியலையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.